பச்சைக் கோப்பிக்கொட்டையை வீட்டில் வறுப்பது: தாச்சியும் பொப்கோர்ன் மெசினும்

“அண்ணா, கண்டியில் இருக்கும் மாமா ஒரு கிலோ பச்சைக் கோப்பிக்கொட்டை அனுப்பியிருக்கிறார். தாச்சியில் வறுத்துப் பார்த்தேன். வெளியே கருகிவிட்டது, உள்ளே பச்சை வாசம் போகவில்லை. கனடாவில் இருந்து சித்தி கொண்டுவந்த பொப்கோர்ன் மெசின் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் வறுக்கலாமா? வீட்டுக்குள் இதைச் செய்வதில் ஆபத்து உண்டா? உப்புவெளியில் இருந்து ஒரு தங்கச்சி.”

தங்கச்சி, அந்த மெசினை இன்னும் பிளக்கில் செருகவில்லை என்றால் அப்படியே வைத்திருங்கள். கனடாவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், எங்களுடையது 230. மெசினைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். அதில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நேரே எங்கள் பிளக்கில் போடவே கூடாது. வோல்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கோடு நிற்காது, மூன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். சூடேற்றும் கம்பி சில விநாடிகளில் சிவந்து அறும், உள்ளே இருக்கும் சின்ன மோட்டாரும் அதோடு போகும். உள்ளே கொட்டையும் சருகும் இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் வாங்கலாம்தான். ஆனால் இந்த மெசின்கள் 1200 வோட்ஸ் அளவில் இழுப்பவை, அதனால் 1500 வோட்ஸுக்குக் குறையாத, கையால் தூக்கச் சிரமமான பெரிய டிரான்ஸ்போமர்தான் தாங்கும். சேவிங் மெசினுக்கு என்று விற்கும் கைக்கடக்கமான பெட்டி புகைந்துவிடும். அந்தக் காசுக்கு 230 வோல்ட் மெசினே வாங்கிவிடலாம். ஆகவே சித்தியின் மெசினை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் தாச்சிக்கு வருவோம். உங்களுக்கு அதில்தான் சிக்கல், அந்தச் சிக்கலுக்கு மருந்தும் அதிலேயே இருக்கிறது.

வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்பதற்குக் காரணம் ஒன்றுதான்: சூடு கொட்டையின் நடுவுக்குப் போய்ச் சேருமுன்னே மேல்தோல் எரிந்துவிட்டது. பச்சைக் கொட்டையில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீர் மெல்ல வெளியேறினால்தான் நடுப்பகுதி சூடேறும். நெருப்பைக் கூட்டி வைத்தால், அல்லது கை ஓய்ந்து கொட்டை ஒரே பக்கமாகக் கிடந்தால், தாச்சியைத் தொட்ட பக்கம் மட்டும் கறுக்கும். வறுத்ததில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். தட்டையான பக்கத்தில் கரும்புள்ளி தெரிந்தால் அது அடுப்பின் வேலை. அப்புறம் அதை நகத்தால் உடைத்து உள்நிறத்தை வெளிநிறத்தோடு ஒப்பிடுங்கள். சற்று வெளிறி இருந்தால் பரவாயில்லை. வெளியே கறுப்பு, உள்ளே மஞ்சள் என்றால் அது வறுபடவில்லை, சுடப்பட்டிருக்கிறது.

கொட்டையைத் தாச்சியில் போடுமுன் கொஞ்ச நேரம் சுளகில் வேலை இருக்கிறது. மலைநாட்டில் வீட்டுத் தோட்டத்துக் கோப்பியைப் பெரும்பாலும் பழத்தோடு காயவைத்து உரலில் குற்றித்தான் எடுப்பார்கள். அப்படி வந்த கொட்டையில் கல், குச்சி, உடைந்த துண்டு, மஞ்சளாய் மொறுமொறுப்பான ஓடு எல்லாம் கலந்திருக்கும். கல்லை விட்டால் பிறகு கிரைண்டரின் பிளேட் போகும். ஓட்டை விட்டால் அதுதான் முதலில் தீப்பிடிக்கும். முற்றாகக் கறுத்ததையும், பூஞ்சணம் பிடித்ததையும், துளை விழுந்ததையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். ஒரு கிலோவில் ஒரு கைப்பிடி கழிந்தாலும் நட்டமில்லை. பருமனையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிதும் சிறிதும் சரிபாதியாகக் கலந்திருந்தால் அவற்றைப் பிரித்து இரண்டு தரமாக வறுப்பது நல்லது, இல்லாவிட்டால் சின்னது கருகும் நேரத்தில் பெரியது பாதியில் நிற்கும்.

தாச்சி கனமான இரும்பாக இருக்கட்டும். ஒட்டாத பூச்சுப் பூசிய பாத்திரம் வேண்டாம். கோப்பி வறுக்கும் சூட்டில் வெறும் பாத்திரம் 260 பாகை செல்சியஸைச் சுலபமாகத் தாண்டும். அதற்கு மேலே அந்தப் பூச்சு உடைந்து புகை விடும். மனிதருக்கே அது ஆகாது, கூட்டில் கிளி வளர்க்கிறவர்கள் இன்னும் கவனம்: அந்தப் புகையில் பறவைகள் மிக விரைவாகச் செத்துப்போகும்.

அளவு 150 கிராம். அதற்கு மேல் போட்டால் கொட்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், மேலே உள்ளது ஆறிக்கொண்டும் கீழே உள்ளது எரிந்துகொண்டும் இருக்கும். சமையல் தராசு இருந்தால் வறுக்குமுன் நிறுத்து எழுதி வையுங்கள், பின்னால் இது உதவும். தாச்சியை நடுத்தர நெருப்பில் இரண்டு மூன்று நிமிடம் காயவிட்டு, கொட்டையைக் கொட்டி, மர அகப்பையால் கிளறத் தொடங்குங்கள். எண்ணெய் ஒரு துளியும் வேண்டாம். கிளறுவது என்றால் சுற்றிச் சுற்றித் துழாவுவது மட்டுமல்ல, அடியில் இருப்பதை மேலே புரட்ட வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குக் கை ஓயக் கூடாது. போன் வந்தால் எடுக்க வேண்டாம்.

முதல் மூன்று நான்கு நிமிடத்தில் நிறம் பெரிதாக மாறாது. ஈர வைக்கோல் வாசம் வரும், லேசாக ஆவி எழும். இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து நெருப்பைக் கூட்டுகிறார்கள், உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். கூட்டாதீர்கள். ஐந்தாவது நிமிடம் அளவில் கொட்டை மஞ்சளாகும், வாசம் பாண் சுடும் வாசத்துக்கு மாறும். அதன்பின் இளம் கபிலம். கொட்டையை ஒட்டியிருந்த மெல்லிய தோல் சருகாகக் கழன்று பறக்கத் தொடங்கும். ஏழு எட்டு நிமிடத்தில் முதல் புகை தெரியும். எட்டில் இருந்து பத்து நிமிடத்துக்குள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: டக், டக் என்று சோளம் பொரிவது போல ஒவ்வொன்றாக வெடிக்கும். இதுதான் முதல் வெடிப்பு. கொட்டையின் உள்ளே அடைபட்ட நீராவி வழி கிடைத்து வெளியே வரும் சத்தம் அது, கொட்டையின் சூடு அப்போது 196 பாகை அளவில் இருக்கும். அந்த நேரம் கொட்டை பருத்து, நடுக்கோடு விரிந்து, சுருக்கங்கள் அவிழ்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உங்கள் மாமா அனுப்பியது ரொபஸ்டா என்றால் (உருண்டையாக, நடுக்கோடு நேராக இருக்கும்) சத்தம் மெல்லியதாகத்தான் கேட்கும். வெடிக்கவில்லையே என்று நெருப்பைக் கூட்டிவிடாதீர்கள், நிறத்தையும் பருமனையும் பாருங்கள்.

முதல் வெடிப்பு நன்றாகப் பிடித்ததும் நெருப்பைக் கொஞ்சம் குறையுங்கள். இந்தக் கட்டத்தில் கொட்டை தானே சூட்டை வெளிவிடத் தொடங்குவதால் சூடு சட்டென்று மேலே பாயும். வெடிப்பு ஒன்றரை, இரண்டு நிமிடம் நடந்து அடங்கும். அடங்கியவுடன் இறக்கினால் நடுத்தர வறுவல்: கொஞ்சம் புளிப்பும் இனிப்பும் இருக்கும், பால் இல்லாமல் குடிக்க நல்லது. எங்கள் வீடுகளில் பாலும் சீனியும் போட்டுக் குடிக்கிறவர்களுக்கு அது மெல்லியதாகத் தோன்றும். அவர்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் விடலாம். அப்போது சிடுசிடுவென்று வேகமாக, முதலாவதைவிட மெல்லிய சத்தத்தில் இரண்டாவது வெடிப்பு வரும். சூடு 225 பாகையை ஒட்டி இருக்கும், நீலப் புகை தடிக்கும், கொட்டையின் மேல் எண்ணெய் மினுங்கத் தொடங்கும். இரண்டாவது வெடிப்பின் முதல் சில சத்தம் கேட்டதுமே இறக்குங்கள். அதற்கு அப்பால் போனால் ருசியும் கரி, கொட்டையும் எரிபொருள். பழைய ஆட்கள் மணத்தை வைத்தே இறக்கினார்கள் என்பது உண்மைதான், ஆனால் அவர்கள் பெரும்பாலும் கரிய வறுவலையே விரும்பினார்கள், ஒரு நிமிடம் முந்திப் பிந்தினால் தெரியாது. நடுத்தர வறுவலில் அரை நிமிடமே ருசியை மாற்றும்.

இறக்குவது என்றால் அடுப்பை நிறுத்துவது மட்டுமல்ல. காய்ந்த இரும்புத் தாச்சியில் விட்டால் அடுப்பு அணைந்த பின்னும் வறுபட்டுக்கொண்டே இருக்கும். உலோக வடிதட்டு இரண்டு எடுத்து ஒன்றில் இருந்து மற்றதுக்கு மாற்றி மாற்றிக் கொட்டுங்கள், பக்கத்தில் மின்விசிறி சுழலட்டும். மூன்று நான்கு நிமிடத்தில் கையில் பிடிக்கக்கூடியதாக ஆறவேண்டும். பிளாஸ்டிக் வடிதட்டு உருகிவிடும். திருகோணமலை வெக்கையில் தட்டில் பரப்பிவிட்டுத் தானாக ஆறட்டும் என்று விட்டால் கால் மணி நேரமானாலும் நடுவில் சூடு நிற்கும். இந்த மாற்றிக் கொட்டலில் மிச்சச் சருகும் பறந்துபோய்விடும்.

இப்போது நிறுத்துப் பாருங்கள். 150 கிராம் போட்டது 127, 128 ஆக வந்திருந்தால் நடுத்தர வறுவல் சரியாக வந்திருக்கிறது, தண்ணீரும் சருகும் போனதில் நூற்றுக்குப் பதினைந்து குறைந்திருக்கிறது. 123 அளவில் நின்றால் கரிய வறுவல். 135க்கு மேலே நின்றால் நிறம் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் உள்ளே பச்சைதான். உங்கள் பழைய வறுவலை நிறுத்திருந்தால் இப்படி ஒரு எண்தான் வந்திருக்கும். நேரம் மறுபக்கமும் இழுக்கலாம். நெருப்பு மிகக் குறைந்து முதல் வெடிப்பு வரவே இருபது நிமிடம் எடுத்தால் கொட்டை அழகாக, ஒரே நிறமாக இருக்கும், குடித்தால் மட்டும் சப்பென்று இருக்கும். அடுத்த தரம் நெருப்பை ஒரு படி கூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது என்ன செய்தது என்று தெரியும்.

சரி, ஆபத்து. பெரிய பயம் தேவையில்லை, ஆனால் மூன்று விஷயத்தில் அசட்டை கூடாது: புகை, சருகு, கவனம் சிதறுவது. நடுத்தர வறுவலுக்கே ஒரு குசினி நிறையப் புகை வரும், கரிய வறுவல் என்றால் வீடு முழுக்க. யன்னலும் கதவும் திறந்திருக்க வேண்டும். தொய்வு உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளும் வேறு பக்கம் இருக்கட்டும். பின் விறாந்தையில் வைத்து வறுப்பது இன்னும் நல்லது, ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று எழும்பினால் வேண்டாம். காற்று காஸ் நெருப்பைச் சாய்த்துவிடும், சூடு ஏறி இறங்கும், சில நேரம் நெருப்பு அணைந்து காஸ் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அதைவிடக் கெட்டது, தாச்சி விளிம்பால் வழிந்த சருகு அடுப்பில் பட்டு மினுங்கும் பொறியாகப் பறக்கும். அந்த மாதங்களில் கிடுகு வேலி எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காற்று எழும்ப முன், விடியக்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பைச் சுற்றி எண்ணெய்ப் போத்தல், கடதாசி, துடைக்கும் துணி எதுவும் வேண்டாம்.

தாச்சிக்குள் தீப்பிடித்தால் காஸை நிறுத்தி, தாச்சியை முழுதாக மூடக்கூடிய உலோக மூடியால் மூடிவிடுங்கள். அந்த மூடி தொடங்குமுன்னே கைக்கெட்டிய இடத்தில் இருக்க வேண்டும். தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள், மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கவும் வேண்டாம். காற்றுப் பட்டால் திரும்பப் பற்றும். வறுத்த சருகை உடனே கடதாசிக் கூடையில் போடுவதும் இப்படித்தான், உள்ளே ஒரு பொறி இருந்தால் போதும். தண்ணீர் தெளித்துப் பிறகு கொட்டுங்கள்.

இனி மெசின். 230 வோல்ட் மெசின் ஒன்று கிடைத்தால், வாங்குமுன் மூடியைக் கழற்றிப் பொரி போடும் குழிக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். சூடான காற்று குழியின் பக்கச் சுவரில் உள்ள சாய்வான வெட்டுகளால் வந்தால் கோப்பிக்கு உதவும், கொட்டை சுழலும். அடியில் வலைபோல் இருந்து அதனால் காற்று மேலே வரும் மாதிரி என்றால் வேண்டாம். கோப்பிச் சருகு அந்த வலை வழியே கீழே விழுந்து சிவந்த கம்பியில் பட்டுத் தீப்பிடிக்கும். சோளத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் அப்படியும் செய்து விற்கிறார்கள்.

போடும் அளவு 80 கிராம் சுற்றுவட்டம். மெசினைப் போட்டதும் கொட்டை மெல்லவாவது அசைய வேண்டும். அசையாமல் கிடந்தால் மரக் குச்சியால் முதல் ஒரு நிமிடம் கிளறிவிடுங்கள். தண்ணீர் போகப் போக இலேசாகித் தானே சுழலும். அப்படியும் அசையாவிட்டால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். தாச்சியில் கொட்டை கூடினால் வறுபடப் பிந்தும், இந்த மெசினில் நேரெதிர்: கொட்டை கூடினால் சூட்டுக் காற்று அதற்குள் அடைபட்டு வேகமாக வறுபடும். முதல் வெடிப்பு மூன்று நிமிடத்துக்கு முன்னே வந்தால் அது அதிவேகம், அடுத்த தரம் பத்துக் கிராம் குறையுங்கள். நாலு நாலரை நிமிடத்தில் வெடிப்பு, ஆறு நிமிடத்தில் இறக்கல் என்றால் நல்லது. பின்னேரம் எல்லா வீட்டிலும் லைட்டும் மின்விசிறியும் ஓடும்போது வோல்ட் இறங்கும். 230 என்பது 210 ஆனாலே சூடு நூற்றுக்குப் பதினாறு, பதினேழு குறைந்துவிடும், வெடிப்பே வராமல் இழுபடும். பகலில் நன்றாக வறுத்த மெசின் இரவில் மக்கர் செய்தால் மெசினைத் திட்ட வேண்டாம்.

சருகு வாயால் பறந்து ஊர்வலம் போகும், ஆகவே இதையும் வெளியே, மேசைமேல் வைத்துச் செய்வதே சுகம். 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கில் நேரே போடுங்கள். பழைய வட்ட முனை 5 அம்பியர் பிளக்கும், மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் இந்த இழுவைக்குச் சரிவராது, வயர் சூடாகிவிடும். முடிந்ததும் நிறுத்திய கையோடு கொட்டையை வடிதட்டில் கவிழ்க்க வேண்டும், ஏனென்றால் காற்று நின்ற பின்னும் குழி சூடாகவே இருக்கும். மேல் மூடி பிளாஸ்டிக் என்றால் கோப்பியின் சூட்டில் இளகும், கையில் துணிக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றுக்கு முன் இருபது நிமிடம் ஆறவிடுங்கள், இது இரண்டு மூன்று நிமிடம் பொரி பொரிக்கச் செய்த சாமான். சூடு மிஞ்சினால் தானாக நிற்கும் பாதுகாப்பு இதற்குள் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் நீளமாக வறுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், கழற்றாதீர்கள். உள்ளே தீ தெரிந்தால் முதலில் சுவர்ச் சுவிட்சை நிறுத்துங்கள். மெசினின் விசிறி சுழலும்வரை நெருப்புக்குக் காற்று ஊதிக்கொண்டே இருக்கும். செருகியபடி தண்ணீர் ஊற்றக் கூடாது.

வறுத்த கொட்டை சில நாளுக்கு வாயுவை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும், முதல் நாளில்தான் அதிகம். உடனே போத்தலில் போட்டு இறுக்கி மூடினால் அழுத்தம் ஏறும், மூடியைத் தளரவிட்டு வையுங்கள், மறுநாள் இறுக்கலாம். வறுத்த அன்றே குடித்தால் நுரை நிறையவும் ருசி குறையவும் இருக்கும். மூன்றாம் நாளில் இருந்து இரண்டு கிழமை வரை நல்ல காலம். மாரியில் எங்கள் பக்கத்துக் காற்றில் திறந்து வைத்தால் அதுவும் இல்லை. மிச்சப் பச்சைக் கொட்டையையும் அந்த மாதங்களில் சாக்கில் விடாமல் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள்.

வீட்டில் மல்லிக் கோப்பி கேட்டால் கொத்தமல்லியையும் வேர்க்கொம்பையும் கொட்டையோடு சேர்த்து வறுக்க வேண்டாம். மல்லி ஓரிரு நிமிடத்தில் வறுபட்டுவிடும், கோப்பி முடியுமுன் அது சாம்பல். கோப்பியை இறக்கி ஆறவிட்டு, அடுப்பு நிறுத்திய அதே தாச்சியின் சூட்டில் மல்லியைப் போட்டு மணம் வந்ததும் எடுத்துவிடுங்கள். வேர்க்கொம்பை வறுக்கவே வேண்டாம், தட்டி மட்டும் எடுத்து, இடிக்கும்போது மூன்றையும் சேர்த்தால் போதும்.